நம்பி நோட்டைக் குடுத்தேன், அடுத்தவங்க ஊத்துன கல்லையும் தன் பேர்ல எழுதிட்டான்

வாசகர் கடிதம்:

வக்கீலம்மாவுக்கு வணக்கம். ஆத்தங்குடி பக்கம் தரைக்குப் போடுற பூக்கல்லு ஊத்துற ஒரு கொட்டகைல 14 வருஷமா சூப்பர்வைசரா இருக்கேன். ஆறு மேடை, மேடைக்கு ஒரு ஆளு, தினம் காலைல மேடைக்கு 60 கண்ணாடி எண்ணி வைப்போம், ஒரு கண்ணாடி மேல ஒரு கல்லுதான் ஊத்த முடியும். பூக்கல்லு ஒன்னுக்கு 10 ரூபா கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. மூணு வருஷமா ஒரு தம்பி இருக்கான், சூட்டிகையான பய, எனக்கு வலது கை மாதிரி. எட்டு மாசத்துக்கு முன்னாடி யார் யார் எத்தனை கல்லுன்னு எழுதுற நோட்டையே அவன்கிட்ட குடுத்துட்டேன். அவனை மேஸ்திரி ஆக்கலாம்னு முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன். சென்னை பார்ட்டி ஒருத்தர் கேட்ட புது டிசைன் சாம்பிளுக்கு 5,000 ரூபாயும் அவனுக்கு வாங்கிக் குடுத்தேன். போன வாரம் பாண்டியம்மா (பேரு மாத்திருக்கேன்) அழுதுக்கிட்டே சொல்லுச்சு, அந்த டிசைன் அது போட்டதுன்னு. நோட்டைப் புரட்டுனா அவன் பேர்ல 74, 78, 81ன்னு இருக்கு. அவன் மேடைல இருக்கறதே 60 கண்ணாடி. எனக்குத் தலை சுத்திருச்சு. இந்த சனிக்கிழமையே அவன் சம்பளத்தைப் பிடிச்சு மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாமா? எல்லாரையும் கூட்டி வச்சுக் கேட்டு, எழுதி வாங்கிட்டு அனுப்பிடலாமா? முதலாளிக்குத் தெரியாம முடிச்சா தேவலை, நான் சிபாரிசு பண்ண ஆளு. போலீஸுக்குப் போகணுமா?

பதில்:

அண்ணே, வணக்கம். உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். கோவத்த விட அதுல வெக்கம்தான் ஜாஸ்தியா தெரியுது, நம்ம தூக்கி விட்ட ஆளு இப்படிப் பண்ணிட்டானேன்னு. அந்த வெக்கத்துலதான் சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுரணும்னு துடிக்கிறீங்க. தயவு செஞ்சு இந்த சனிக்கிழமை மட்டும் அவன் கூலில கை வைக்காதீங்க, அவன்கிட்ட எதுவும் எழுதி வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த நோட்ட உங்க கைக்கு எடுத்துக்கங்க. இன்னைக்கே. "கணக்கு இனி நான் எழுதுறேன்"னு மட்டும் சொல்லுங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல. பழைய நோட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுட்டு நோட்ட பீரோல வச்சுப் பூட்டுங்க. அதுல நீங்க ஒரு எழுத்துகூட திருத்தக் கூடாது, தப்புன்னு தெரிஞ்ச எடத்துலகூட வட்டம் போடாதீங்க. நாளைக்கு அது சாட்சி, நீங்க பேனா வச்சா "சூப்பர்வைசரே திருத்திட்டாரு"ன்னு ஒரே வரில அடிச்சுருவாங்க.

கண்ணாடி கணக்கு எது வரைக்கும் பேசும்

நீங்க 60 கண்ணாடிய வச்சு யோசிச்சது ரொம்ப சரி. ஊத்துன கல்லு அன்னைக்கே கண்ணாடிய விட்டுப் பிரியாது, அதனால ஒரு மேடைக்கு எத்தனை கண்ணாடியோ அதுக்கு மேல அன்னைக்கு அந்த ஆளு ஊத்தவே முடியாது. வாய்ச் சாட்சி மாறும், இது மாறாது. ஆனா இதுலயே ஒரு ஓட்டை இருக்கு, எதிர்த் தரப்பு வக்கீலா நான் இருந்தா முதல்ல அதத்தான் பிடிப்பேன். பக்கத்து மேடை ஆளு அன்னைக்கு லீவுன்னா அவரு கண்ணாடிய எடுத்து ஊத்திருக்கலாம்ல?

அதனால வருகைப் பதிவேட்டப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளா பாருங்க. ஒரு வாரத்துக்கு எப்படின்னு சொல்றேன், நம்பர் நான் உதாரணத்துக்குப் போடுறது. திங்கள் 74, செவ்வாய் 78, புதன் 60, வியாழன் 81, வெள்ளி 58, சனி 76ன்னு வச்சுக்குவோம். புதனும் வெள்ளியும் 60க்குள்ள, அத விட்டுருங்க. வியாழக்கிழமை பக்கத்து மேடை அக்கா வரலைன்னா அந்த 81ல இருக்கற 21 சந்தேகத்துக்குரியது, அவனுக்கு சாதகமா தனியா ஒதுக்கி வைங்க. மிச்சம் திங்கள் 14, செவ்வாய் 18, சனி 16, ஆக 48 கல்லு. அந்த மூணு நாளும் ஆறு பேரும் வேலைக்கு வந்துருந்தாங்கன்னா இந்த 48க்கு அவன்கிட்ட பதில் இருக்க வாய்ப்பு கம்மி. 10 ரூபா வீதம் அந்த வாரத்துக்கு 480 ரூபா. இது கம்மியில கம்மி, ஏன்னா அவன் 40 ஊத்திட்டு 60ன்னு எழுதிருந்தா கண்ணாடி கணக்குல அது தெரியவே தெரியாது.

இதோட முடியல, இன்னொரு கணக்கும் பாக்கணும். இதப் பாக்காமதான் நிறைய பேரு தப்பு முடிவுக்குப் போறாங்க. தண்ணித் தொட்டில எறக்குன கல்லு எத்தனைன்னு வேற யாராச்சும் எழுதுறாங்களா? குடோன் ஸ்டாக் நோட்டு இருக்கா? திங்கக்கிழமை அவன் நோட்டுல ஆறு பேரு கூட்டுத்தொகை 318, தொட்டிக் கணக்கும் உடைசலும் சேந்து அதே 318ன்னா, கூடுதலா எழுதுன 14 கல்லும் நெஜக் கல்லு, அடுத்தவங்க ஊத்துனது, அவங்க கூலிதான் போயிருக்கு. ஆனா தொட்டில 304தான் இருக்குன்னா அந்த 14 கல்லு உலகத்துலயே இல்ல, வெறும் எழுத்து. அப்போ நஷ்டம் முதலாளிக்கு, பாண்டியம்மாவுக்கோ மத்தவங்களுக்கோ இல்ல. ரெண்டும் தப்புதான், ஆனா காசு யாருக்குத் திரும்பிப் போகணும்ங்கறது இதுலதான் முடிவாகும். நீங்க சனிக்கிழமை பிரிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் அது இல்லாத கல்லுன்னு தெரிஞ்சா முதலாளி காசத்தான் பிரிச்சுக் குடுத்தவராவீங்க.

மேடைல இருக்கற அஞ்சு பேர்கிட்ட

ஒவ்வொருத்தரா தனியா பேசுங்க. அவன் பேர எடுக்காம கேளுங்க: "நோட்டுல இருக்கற உங்க கணக்கு சரியா இருக்கா, நீங்க தனியா எங்கயாச்சும் எழுதி வைப்பீங்களா?" நம்ம பக்கத்துப் பொம்பளைங்க சுருக்குப்பைல ஒரு துண்டுச் சீட்டு வச்சுருப்பாங்க, இல்லைன்னா வீட்டுக் காலண்டர் தாள்ல தேதிக்கு நேரா 52, 55ன்னு பென்சில்ல எழுதிருப்பாங்க. அது பெரிய சாட்சி அண்ணே. வேலை நடந்த அன்னைக்கே, யார் கேப்பாங்கன்னு தெரியாம எழுதுன கணக்கு அது. வாங்கி வச்சுக்காதீங்க, போட்டோ மட்டும் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க.

அப்படிக் கேக்குறப்ப நீங்க எதிர்பாக்காத பதில் ஒன்னு வரலாம். "அந்தத் தம்பிகிட்ட கைமாத்து வாங்கிருந்தேன் அண்ணே, தினம் நாலு கல்லு அது பேர்ல போட்டுக்கன்னு நாந்தான் சொன்னேன்"னு யாராச்சும் சொன்னா ஆச்சரியப்படாதீங்க. இந்த மாதிரி பீஸ் கூலி எடங்கள்ல இது நடக்கறதுதான். அப்போ அவன் திருடுனான்னு சொல்ல முடியாது, கணக்கு எழுதுற ஆளு அந்த நோட்டையே கடன் வசூல் பண்ற நோட்டாக்கிட்டான்னுதான் சொல்ல முடியும். அதுவும் நிறுத்த வேண்டிய விஷயம், ஏன்னா நோட்டு அவன் கையில இருக்கறப்ப "நாலு"ங்கறது எப்ப "ஏழு" ஆச்சுன்னு கடன் வாங்குனவங்களுக்குத் தெரியாது. ஆனா குற்றச்சாட்டு வேற மாதிரி எழுதணும். அதனாலதான் அவன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட பேசணும்னு சொல்றேன்.

கூலில பிடிக்கிறது பத்தி

நீங்க நெனைக்கிற மாதிரி, தப்பு பண்ணிட்டான் அதனால இந்த வாரக் கூலிய நிறுத்துறேன்னு பண்ண முடியாது. பண்ணா அவன் செஞ்சது பின்னாடி போயிரும், நீங்க செஞ்சதுதான் கேஸ் ஆகும். 1936ல வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்துல இருந்தே இதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அத அப்படியே எடுத்து வச்சுருக்காங்க. அபராதம்னு போட்டா அந்த சம்பளக் காலத்துக் கூலில 3 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. வாரம் 3,600 ரூபா வாங்குற ஆளுக்கு 108 ரூபா, அவ்வளவுதான். அதுக்கும் முன்கூட்டியே எந்தெந்தத் தப்புக்கு அபராதம்னு நோட்டீஸ் ஒட்டி அரசாங்க அனுமதி வாங்கிருக்கணும், ஆளக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கணும், தவணைல பிடிக்கக் கூடாது, போட்ட நாள்ல இருந்து 90 நாள் தாண்டிப் பிடிக்கக் கூடாது. உங்க கொட்டகைல அப்படி எந்த நோட்டீஸும் இருக்காதுன்னு நெனைக்கிறேன், அதனால அபராதம்ங்கற வழிய மறந்துருங்க.

வேற வழி ஒன்னு இருக்கு. தப்பான கணக்கால ஒருத்தருக்குக் கூடுதலா குடுத்த கூலிய சரிக்கட்டுறதுக்குப் பிடிக்கலாம்னு அதே சட்டம் சொல்லுது. அது அபராதம் இல்ல, தண்டனையும் இல்ல, போன காச நேர் பண்றது. ஆனா கூடுதலாப் போச்சுங்கறதும் எவ்வளவுங்கறதும் மொதல்ல நிரூபணமாகணும், எல்லாப் பிடித்தமும் சேந்து அந்த வாரக் கூலில பாதியத் தாண்டக் கூடாது. வாரம் 480 வீதம் 30 வாரம்னா 14,400 ரூபா. அத ஒரே சனிக்கிழமைல பிடிக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான். அவன் கைப்பட கணக்க ஒத்துக்கிட்டு, வாரம் இவ்வளவுன்னு சம்மதிச்சா சுமுகமா முடியும்.

இதுல முக்கியமா ஒன்னு சொல்லணும், இத நீங்க முதலாளிகிட்ட சொல்லியே ஆகணும். கூலி இழந்தவங்களுக்குக் கடன்பட்டது அந்தப் பையன் இல்ல, கொட்டகைதான். பாண்டியம்மா ஊத்துன கல்லுக்குக் கூலி குடுக்க வேண்டியது முதலாளி, அத இடைல வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்ங்கறது அவரு தலைவலி. அதனால அவன்கிட்ட வசூலாகட்டும் அப்புறம் தர்றேன்னு சொல்ல முடியாது, கணக்கு முடிஞ்ச உடனே அவங்களுக்குக் குடுத்துடணும். அவங்க தொழிலாளர் துறைல மனு குடுக்கறதுக்கு இந்தப் புதுச் சட்டத்துல மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, இன்னைக்கு சும்மா இருக்காங்கன்னு விட்டுற முடியாது.

இப்ப சொல்லுங்க, முதலாளிக்குத் தெரியாம எப்படி முடிப்பீங்க? எட்டு மாசமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கத்துக்கு அடில உங்க கையெழுத்து இருக்கும். நீங்களா இன்னைக்குப் போய் "நான் நம்பி நோட்டக் குடுத்தது என் தப்பு, கண்ணாடி கணக்கோட ஒத்துப் பாக்காம கையெழுத்துப் போட்டதும் என் தப்பு, இந்தாங்க போட்டோ"ன்னு சொன்னா அது ஒரு மேற்பார்வையாளர் கண்டுபிடிச்ச தப்பு. மூணு மாசம் கழிச்சு வேற வழில தெரிய வந்தா, கூட்டாளின்னு பேரு வரும். கல்லு ஊத்துற ஆள்கிட்டயே எண்ணுற வேலையும் குடுத்தது நம்ம செஞ்ச ஏற்பாடு, அத மறைக்கவும் வேணாம், அதுக்காக அவன் செஞ்சது இல்லைன்னும் ஆகாது.

கூட்டி வச்சுக் கேக்கறது, எழுதி வாங்கறது

இது மட்டும் வேணவே வேணாம். எனக்கு வந்த ஒரு கேஸ் சொல்றேன். காரைக்குடி பக்கம் ஒரு பலகாரக் கம்பெனி, இருபது பொம்பளைங்க தேன்குழலும் அதிரசமும் சுட்டு எடை போட்டுக் கூலி வாங்குறவங்க. எடை எழுதுற பையன் தன் சித்தி பேர்ல கூடுதலா எழுதிட்டான். முதலாளி கோவத்துல எல்லாரையும் நிக்க வச்சு, அவன நடுவுல விட்டு, வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கி அது மேல ராஜினாமான்னு எழுதிக்கிட்டாரு. பத்தே நாள்ல அவன் தொழிலாளர் துறைல மனு போட்டான், மிரட்டி வாங்குனாங்கன்னு. பாத்துக்கிட்டு நின்ன இருபது பேரும்தான் அதுக்கு சாட்சி! கடைசில முதலாளி அவனுக்குப் பணம் குடுத்து சமாதானமாப் போனாரு. எடை கொறஞ்ச பொம்பளைங்க கணக்க யாருமே எடுத்துப் பாக்கல, அந்தக் காசு இன்னி வரைக்கும் அவங்களுக்கு வரல. முதலாளிக்கு அன்னைக்கு வக்கீலா இருந்தவ நான், அந்தக் கணக்கயும் எடுங்கன்னு சொல்லாம விட்டது எனக்கு இன்னமும் உறுத்துது. அதனாலதான் உங்ககிட்ட கூலி இழந்தவங்களப் பத்தி இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

முறையாப் பண்றது ஒன்னும் பெரிய கம்பசூத்திரம் இல்ல. முதலாளி கையெழுத்துல ஒரு மெமோ. அதுல "நீ திருடிட்ட"ன்னு எழுதக் கூடாது. "இந்தத் தேதில உன் மேடைக்குக் குடுத்த கண்ணாடி 60, அன்னைக்கு ஆறு பேரும் வேலைக்கு வந்துருக்காங்க, நீ எழுதுன நோட்டுல உன் பேர்ல 78, இதுக்கு விளக்கம் குடு"ன்னு தேதி தேதியா இருக்கணும். எழுதிக் குடுக்க ஒரு வாரம் டைம். பதில் திருப்தியா இல்லைன்னா விசாரணை, அத நடத்துறது நீங்களா இருக்கக் கூடாது. தப்பக் கண்டுபிடிச்சது நீங்க, நோட்டுல கையெழுத்து உங்களோடது, நீங்க சாட்சி. சாட்சியே நீதிபதியா உக்கார முடியாது. வெளில ஒரு வக்கீலோ, ரிட்டயர்டு ஆபீசரோ, இந்தக் கொட்டகையோட சம்பந்தமில்லாத ஒருத்தர் நடத்தட்டும். சாட்சி சொல்றவங்கள அவன் கேள்வி கேக்க விடணும், அவன் தரப்புக்கு ஆள் கூப்பிடவும் விடணும்.

அதுவரைக்கும் வேலைக்கு வரட்டும், மேடைல கல்லு ஊத்தட்டும், நோட்டு மட்டும் அவன்கிட்ட போகாது. சஸ்பெண்ட் பண்ணணும்னு தோணுனா தமிழ்நாட்டுல 1981ல வந்த பிழைப்பூதியச் சட்டத்தப் பாத்துக்கங்க, அது பொருந்துற எடத்துல முதல் 90 நாளைக்குப் பாதிக் கூலி குடுத்தாகணும். விசாரணைல தப்பு நிரூபணமாச்சுன்னாலும் வேலைய விட்டு எடுக்கறது ஒன்னுதான் வழின்னு இல்ல. மேஸ்திரி சிபாரிச வாபஸ் வாங்கறது, எச்சரிக்கைக் கடிதம், காச நேர் பண்றதுன்னு வழி இருக்கு. எடுக்கறதாவே இருந்தாலும் உங்க எடம் எந்தச் சட்டத்துக்குள்ள வருதுன்னு ஆள் எண்ணிக்கையும் கரண்ட்ல ஓடுற மெஷினும் பாத்துதான் சொல்ல முடியும். ஆனா எந்தச் சட்டமா இருந்தாலும் மூணு வருஷம் வேலை பாத்த ஆள ஒரு வார்த்தை கேக்காம அனுப்ப வழியில்ல.

போலீஸ் பத்திக் கேட்டீங்க. ஊர்ல 420ன்னு சொல்றது 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 318வது பிரிவு. தொட்டிக் கணக்குல இல்லாத கல்லு, அதுவும் எட்டு மாசம், பெரிய தொகைன்னு வந்தா முதலாளி யோசிக்கலாம், அது அவரு முடிவு. கைமாத்துல ஆரம்பிச்ச விஷயமா இருந்தா ஸ்டேஷன்ல ஏறி எறங்குறது அந்தப் பொம்பளைங்களுக்குத்தான் கஷ்டம்.

பாண்டியம்மா டிசைன்

இது தனி விஷயம், கல்லுக் கணக்கோட சேத்துக் குழப்பாதீங்க. ரெண்டு பேரையும் எல்லார் முன்னாடியும் ஊத்திக் காட்டச் சொல்லலாம்னு உங்களுக்குத் தோணும். வேணாம். மூணு வருஷம் கை பழகுனவன் எந்தப் பூவையும் ஒரு தடவ பாத்தா ஊத்திருவான். யாரால முடியும்ங்கறது, யாரு முதல்ல போட்டாங்கங்கறதுக்கு பதில் ஆகாது. பாண்டியம்மா அத்தனை பேர் முன்னாடி பதட்டத்துல கை நடுங்கி ஒரு கோடு பெசகுனா அது அவங்களுக்கு எதிரா நிக்கும்.

அதுக்குப் பதிலா தேதியத் தேடுங்க. பேப்பர்ல வரைஞ்சது இருக்கா, மகன் போன்ல போட்டோ எடுத்துச்சா, வாட்ஸ்அப்ல யாருக்காச்சும் அனுப்புச்சா, கலர் சரியா வராம தூக்கிப் போட்ட முதல் கல்லு உடைசல் குவியல்ல கிடக்கா. முதல்ல போட்டவங்ககிட்ட தோத்துப் போன சாம்பிள் ரெண்டு மூணாவது இருக்கும். காப்பியடிச்சவன்கிட்ட கடைசியா வந்த நல்ல கல்லு மட்டும்தான் இருக்கும். எந்தக் கலருக்குப் பின்னாடி எந்தக் கலர ஊத்துனீங்க, மொதல்ல எது கலங்குச்சு, எத மாத்துனீங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேளுங்க. பதில்லயே தெரிஞ்சுரும்.

வேலை நேரத்துல, கொட்டகை சாமான்ல போட்ட டிசைனுக்கு உரிமை பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும், அதனால பாண்டியம்மா அத வேற எடத்துக்கு வித்துக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த 5,000 ரூபா டிசைன் போட்டவருக்குன்னு சொல்லிக் குடுத்தது, போட்டது அவங்கதான்னு ஆச்சுன்னா அது அவங்களுக்குப் போகணும். சென்னை பார்ட்டிக்கும் ஒரு போன் பண்ணிப் பேரத் திருத்திச் சொல்லுங்க, அடுத்த ஆர்டருக்கு அவரு யாரக் கேப்பாருங்கறது அதுலதான் இருக்கு.

வர்ற சனிக்கிழமை பட்டுவாடாவ அஞ்சு பேருக்கும் அவனுக்கும் இந்த வாரம் நீங்க எண்ணுன கணக்குப்படி முழுசாக் குடுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கூலிக்கு முன்னாடி நோட்டக் காட்டி, "இந்த ஆறு நாள் கணக்கு சரியா"ன்னு கேட்டு அவங்க கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கங்க. பாண்டியம்மா கேட்டா, "பழைய கணக்கு எடுத்துக்கிட்டு இருக்கோம், முதலாளிக்கும் சொல்லியாச்சு, உன் சீட்ட பத்திரமா வை"ன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமைக்குள்ள முதலாளியப் பாத்துருங்க அண்ணே. போறப்ப அந்தப் போட்டோவும் வருகைப் பதிவேடும் கையில இருக்கட்டும்.